3டி பிரின்டருக்கு வாரம் 10 நிமிஷம், மாசம் 1 மணி நேரம்... ராடு, லீட் ஸ்க்ரூ, பேரிங் பராமரிப்பு கைடு!

ராத்திரி 10 மணிக்கு பிரின்ட் போட்டுவிட்டுத் தூங்கப் போறீங்க. மொத்தம் 14 மணி நேர வேலை. காலையில் எழுந்து பார்த்தால், பொம்மையின் இடுப்பு வரைக்கும் எல்லாம் சரி. அதற்கு மேல் உள்ள பாதி மட்டும் 3 மில்லிமீட்டர் தள்ளிப்போய் நிற்கிறது. ஃபிலமென்ட் நல்ல ஃபிலமென்ட்தான், ஃபைலும் போன வாரம் சரியாக வந்த அதே ஃபைல்தான். அப்புறம் எங்கே தப்பு?

இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அதில் நம்ம ஆட்கள் கடைசியாகத்தான் பார்க்கும் ஒரு இடம், பெட்டுக்கு அடியில் இருக்கும் இரண்டு இரும்பு ராடுகள். ராடு காய்ந்துபோய், பேரிங் இறுக ஆரம்பித்தால் பெட்டை இழுக்க மோட்டாருக்குக் கூடுதல் பலம் வேண்டும். ஒரு கட்டத்தில் இழுக்க முடியாமல் சில ஸ்டெப்களை அது விட்டுவிடும். பெரும்பாலான ஹோம் பிரின்டர்களில், மோட்டார் உண்மையிலேயே நகர்ந்ததா என்று போர்டு திரும்பிப் பார்ப்பதில்லை. நகர்ந்துவிட்டது என்று நம்பி அடுத்த லேயரைத் தள்ளிப்போன இடத்திலேயே போட ஆரம்பித்துவிடும்.

இதைத் தடுக்க பெரிய மெக்கானிக் அறிவெல்லாம் வேண்டாம். வாரம் ஒரு துடைப்பு, மாசம் ஒரு கிரீஸ். ஆனால், எதில் எதைப் போடணும், எதில் எதையுமே போடக் கூடாது என்பதுதான் இதில் முக்கியம். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதல்ல உங்க பிரின்டர்ல என்ன இருக்குன்னு பாருங்க

இந்தக் கட்டுரைக்கு எடுத்துக்கொள்ளும் மாடல், ப்ரூஸா ஐ3 வகை பிரின்டர். பெட் முன்னும் பின்னும் ஓடும், நாஸில் இடமும் வலமும் ஓடும், இரண்டு பக்கமும் நிற்கும் லீட் ஸ்க்ரூக்கள் மேலே தூக்கும். ராடுகள் 8 மில்லிமீட்டர் தடிமன் உள்ள வழவழ ஸ்டீல். அவற்றின் மேல் ஓடுவது குட்டி உருளை வடிவ லீனியர் பேரிங். எல்.எம்.8.யூ.யூ என்ற பெயரில் கடைகளில் கிடைப்பது இதுதான். நீளம் 24 மில்லிமீட்டர், வெளி அகலம் 15 மில்லிமீட்டர். உள்ளே வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன ஸ்டீல் பால்கள் சுற்றிச் சுற்றி ஓடும். இந்தப் பால்களுக்குத்தான் கிரீஸ் வேண்டும்.

எல்லா பிரின்டரும் இப்படி இருக்காது. எண்டர் 3 மாதிரியான மாடல்களில் ராடு கிடையாது. அலுமினிய ஃப்ரேமின் பள்ளத்தில் பிளாஸ்டிக் சக்கரங்கள் ஓடும். அந்தச் சக்கரத்துக்கு ஆயிலோ கிரீஸோ போடக் கூடாது. போட்டால் தூசி ஒட்டி, சக்கரத்தில் கட்டி கட்டியாகச் சேரும். உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். ஆனால், அந்த மாடலிலும் லீட் ஸ்க்ரூ உண்டு. அதற்குக் கீழே சொல்லும் மாச வேலை அப்படியே பொருந்தும்.

பாம்பு லேப் எக்ஸ்1, பி1 வரிசை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். அதில் நாஸில் ஓடும் இரண்டு கறுப்பு ராடுகளும் கார்பன் ஃபைபர். அதற்கு எண்ணெய் ஆகாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், சுருக்கமாக ஐ.பி.ஏ, தொட்ட துணியால் துடைப்பது மட்டும்தான் அதற்கான பராமரிப்பு.

இன்னொரு வகையும் உண்டு. ஸ்டீல் பேரிங்குக்குப் பதிலாக இகஸ் நிறுவனத்தின் பிளாஸ்டிக் பேரிங் மாற்றியிருந்தால், அதுவும் உலர்ந்தே ஓடும்படி செய்யப்பட்டது. ராடைச் சுத்தமாக வைத்தால் போதும்.

கடையில என்ன கேட்கணும்?

மூன்றே பொருள்தான். ஒன்று, பஞ்சு உதிராத துணி. கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணி பெஸ்ட். டிஷ்யூ பேப்பர் வேண்டாம், அதன் நார் பேரிங்குக்குள் போகும். இரண்டு, தையல் மெஷின் ஆயில். எந்தத் தையல் மெஷின் கடையிலும் சின்ன பாட்டிலாகக் கிடைக்கும். மூன்று, பி.டி.எஃப்.இ கலந்த வெள்ளை கிரீஸ் அல்லது லித்தியம் கிரீஸ், சின்ன ட்யூப். இதோடு பழைய டூத் பிரஷ் ஒன்றும், ஐ.பி.ஏ கொஞ்சமும் இருந்தால் செட் முழுசு.

வேண்டாத லிஸ்ட்டும் இருக்கிறது. வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயைத் தொடாதீங்க. சமையல் எண்ணெய் எதுவானாலும் நாள்பட நாள்பட பிசினாகி, தூசியோடு சேர்ந்து பேரிங்கை இறுக்கும். டபிள்யூடி-40 நீல டப்பா ஸ்ப்ரேயும் கிரீஸுக்கு மாற்று கிடையாது. அதில் பெரும்பகுதி ஆவியாகிப்போகும் கரைப்பான். பழைய அழுக்கைக் கரைக்க அது நல்ல ஆள்தான். ஆனால், பேரிங்கில் அடித்தால் உள்ளே இருக்கும் நல்ல கிரீஸையும் சேர்த்துக் கழுவிவிட்டு, கொஞ்ச நாளில் காய்ந்துபோகும்.

சிலிக்கான் ஸ்ப்ரேயைப் பிரின்டர் பக்கத்தில் அடிக்கவே வேண்டாம். காற்றில் பறக்கும் துளி பெட் ஷீட்டில் பட்டால், முதல் லேயர் ஒட்டாமல் வேறு தலைவலி ஆரம்பிக்கும்.

வாரம் ஒரு தடவை: 10 நிமிஷ வேலை

பிரின்டரை ஆஃப் பண்ணுங்க. பெட்டும் நாஸிலும் நல்லா ஆறட்டும். பெட் ஷீட்டைக் கழற்றித் தள்ளி வைங்க. எண்ணெய்க் கை அதில் பட்டுவிடக் கூடாது.

அடுத்து பெட்டைக் கையால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளுங்க. மெதுவாக என்பது ரொம்ப முக்கியம். மோட்டாரை வேகமாகச் சுழற்றினால் அது டைனமோ மாதிரி கரன்ட் தயாரித்து போர்டுக்கே திருப்பி அனுப்பும். ஆஃப் ஆன பிரின்டரின் ஸ்க்ரீன் திடீரென்று மினுக்கினால் காரணம் அதுதான்.

இப்போது தெரியும் ராடை உலர்ந்த துணியால் சுற்றிப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடைங்க. பெட்டை மறுபக்கம் தள்ளி மிச்சத்தையும் துடைங்க. ராடின் அடிப்பக்கத்தை விட்டுடாதீங்க. போன் டார்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தால் அழுக்கு அங்கேதான் கோடு கட்டி நிற்கும். நாஸில் ஓடும் ராடுகளுக்கும், நின்ற வாக்கில் இருக்கும் ராடுகளுக்கும் இதே வேலைதான்.

துடைத்து முடித்ததும் துணியைத் தூக்கிப் போடாதீங்க, வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்க. பிரின்டர் எப்படி இருக்கிறது என்பதற்கான ரிப்போர்ட் அதில்தான் இருக்கிறது. லேசான சாம்பல் கறை என்றால் பிரச்னை இல்லை, பழைய கிரீஸும் தூசியும் கலந்தது. மினுமினு என்று உலோகத் துகள் தெரிந்தால், எங்கேயோ பேரிங் ராடைத் தின்கிறது என்று அர்த்தம். பழுப்பு நிறம் என்றால் துரு. கடலோர ஊர்களில், ஜன்னல் ஓரம் பிரின்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பழுப்பு சீக்கிரமே கண்ணில் படும்.

அழுக்கு கெட்டியாக ஒட்டியிருந்தால் ஐ.பி.ஏ உதவும். ஆனால், அதைத் துணியில் தொட்டுத்தான் துடைக்கணும். ராடின் மேல் நேராக ஊற்றினால் வழிந்து பேரிங்குக்குள் போய், அங்கே இருக்கும் கிரீஸைக் கரைத்துவிடும். ஐ.பி.ஏ சட்டென்று தீப்பிடிக்கும். அதனால் ஜன்னலைத் திறந்து வைத்து, பெட் முழுசாக ஆறிய பிறகே பாட்டிலைத் திறங்க.

கடைசியாக ஆயில். இது ஒவ்வொரு வாரமும் கட்டாயம் இல்லை. பெட்டை இரண்டு தடவை ஓட்டிவிட்டு ராடைச் சுத்தமான விரலால் தொட்டுப் பாருங்க. விரலில் லேசாகப் பளபளப்பு தெரிந்தால் பேரிங்குக்குள் இருக்கும் கிரீஸ் தன் வேலையைச் செய்கிறது, விட்டுடுங்க. விரல் சுத்தமாகக் காய்ந்து வந்தால், துணியில் 2 சொட்டு தையல் மெஷின் ஆயிலை விட்டு ராடு முழுக்கத் தடவுங்க. பெட்டை 10 தடவை முன்னும் பின்னும் ஓட்டுங்க. ராடின் முனையிலோ பேரிங் வாயிலோ சொட்டாக நின்றால் அது அதிகம், துடைச்சிடுங்க. அதிகமான ஆயில் தூசியைப் பிடித்துவைக்கும் என்பதைத் தவிர, பெல்ட் மேல் சொட்டும் ஆபத்தும் இருக்கிறது. பெல்ட்டுக்கு ஆயில் ஆகவே ஆகாது.

வாரத்தில் லீட் ஸ்க்ரூவுக்கு என்ன வேலை? பார்ப்பது மட்டும்தான். அறுந்த ஃபிலமென்ட் துணுக்கு ஏதாவது பள்ளத்தில் கிடந்தால் உலர்ந்த டூத் பிரஷால் தட்டி எடுங்க.

மாசம் ஒரு தடவை: லீட் ஸ்க்ரூவுக்குக் குளியல்

பெரும்பாலான ஹோம் பிரின்டர்களில் இருப்பது டி8 லீட் ஸ்க்ரூ. 8 மில்லிமீட்டர் தடிமன். ஒரே ஒரு மரை ஓடுவது மாதிரி தெரிந்தாலும், உண்மையில் 4 மரைகள் பக்கத்தில் பக்கத்தில் சுற்றி ஓடுகின்றன. ஸ்க்ரூ ஒரு சுற்று சுற்றினால் நாஸில் 8 மில்லிமீட்டர் உயரும். இந்த 8 என்ற நம்பரை ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னால் வேலைக்கு ஆகும்.

ஒரு லேயர் 0.2 மில்லிமீட்டர் என்றால், அதற்கு ஸ்க்ரூ சுற்ற வேண்டியது ஒரு சுற்றில் 40-ல் ஒரு பங்குதான். பெட் மாதிரி இது விறுவிறு என்று ஓடாது, மணிக்கணக்கில் ஒரே இடத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். நீங்கள் எப்போதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்குள்தான் பிரின்ட் எடுப்பீங்க என்றால், கீழே உள்ள 5 சென்டிமீட்டர் மட்டும் தேயும், அழுக்காகும். அதனால்தான் இங்கே கிரீஸ் தானாகப் பரவாது, நாம்தான் பரப்பி விடணும்.

இரண்டு லீட் ஸ்க்ரூ இருக்கும் பிரின்டரில் ஒரு ஸ்க்ரூவை மட்டும் கையால் திருப்பாதீங்க. அந்தப் பக்கம் மட்டும் உயர்ந்து, நாஸில் ஓடும் சட்டம் சாய்ந்துவிடும். மேலே, கீழே நகர்த்தும் வேலை எல்லாம் மெனுவில் `Move axis` வழியாகவே நடக்கட்டும். கம்ப்யூட்டரிலிருந்து கமாண்ட் அனுப்பிப் பழக்கம் இருந்தால் இது போதும்:

```
G28
G1 Z200 F600
G1 Z10 F600
```

முதல் வரி ஹோம். அடுத்த வரி 200 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தூக்கும், கடைசி வரி இறக்கும். `F600` என்பது விநாடிக்கு 10 மில்லிமீட்டர் வேகம். உங்கள் பிரின்டரின் உயரம் 200-க்குக் குறைவு என்றால் அந்த நம்பரைக் குறைச்சுக்கோங்க.

நாஸிலை மேலே தூக்கி நிறுத்திவிட்டு, பவரை ஆஃப் பண்ணுங்க. ஐ.பி.ஏ தொட்ட டூத் பிரஷால் பள்ளத்தில் இருக்கும் கறுப்புக் கிரீஸைத் தேய்த்து எடுங்க. பிறகு துணியை நாடா மாதிரி ஒல்லியாகக் கிழித்து, ஸ்க்ரூவைச் சுற்றிப் பள்ளத்துக்குள் உட்காரவைத்து, இரண்டு முனையையும் பிடித்து ஷூ பாலிஷ் போடுவது போல இழுங்க. ஸ்க்ரூ திரும்பிவிடாதபடி லேசாக இழுத்தால் போதும். 4 பள்ளங்கள் இருப்பதால் துணி சுத்தமாக வரும் வரைக்கும் திரும்பத் திரும்பச் செய்யணும். முடிந்ததும் நாஸிலை இறக்கி, மேல் பாதியையும் இதேபோலச் சுத்தம் பண்ணுங்க.

பழைய கிரீஸ் மேலேயே புதுசைத் தடவுவதுதான் பலர் செய்யும் ஷார்ட்கட். பழைய கிரீஸில் நட்டிலிருந்து தேய்ந்து வந்த பித்தளைப் பொடி கலந்திருக்கும். புது கிரீஸோடு அது சேர்ந்தால் உப்புத்தாள் மாதிரி நட்டைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

இப்போது கிரீஸ். ஒரு ஸ்க்ரூவுக்கு 3 இடத்தில், இடத்துக்கு ஒரு அரிசி மணி அளவு. அவ்வளவுதான். விரலால் பள்ளத்துக்குள் தேய்த்துவிட்டு, நாஸிலை முழு உயரத்துக்கு 3 தடவை ஏற்றி இறக்குங்க. நட்டின் மேலும் கீழும் வெள்ளையாக வளையம் கட்டி நிற்பது மிச்சம், அதைத் துடைச்சிடுங்க. ஸ்க்ரூவின் அடிமுனையில் மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் இருந்தால், அதன் பிடிக்குள் கிரீஸ் போகாமல் பார்த்துக்கோங்க. வழுக்க ஆரம்பித்தால் மோட்டார் சுற்றும், ஸ்க்ரூ சுற்றாது.

முடித்த பிறகு சட்டம் நேராக இருக்கிறதா என்று பாருங்க. ஒரே மாதிரி இரண்டு டப்பாக்களை இரண்டு பக்கமும் ஃப்ரேமில் நிற்கவைத்து, சட்டத்தை அதன் மேல் மெதுவாக இறக்கினால் இரண்டிலும் ஒரே நேரத்தில் தொடணும்.

பேரிங்: கை சொல்லும் ரிசல்ட்

அதே நாளில் பேரிங் டெஸ்ட்டையும் முடிச்சிடலாம். பவர் ஆஃப் நிலையில், பெட்டை ஒரு விரலால் மெல்லத் தள்ளுங்க. மோட்டாரின் காந்தம் சின்னச் சின்னப் படிக்கட்டு போல விரலில் தெரியும். அது சீராக, கடைசி வரை ஒரே மாதிரி இருந்தால் ஓகே. ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் மக்கர் பண்ணினால் ராடில் காயம் இருக்கலாம். முழு நீளத்துக்கும் மணலில் இழுப்பது போல நரநர என்றால் பேரிங் காய்ந்துவிட்டது அல்லது அழுக்காகிவிட்டது.

ராடில் கோடு தெரிந்தால் நகத்தால் குறுக்கே கீறிப் பாருங்க. நகம் சிக்கவில்லை என்றால் அது வெறும் கறை. நகம் சிக்கினால் பால்கள் ராடில் பள்ளம் போட்டுவிட்டன. இதை எந்த கிரீஸும் சரி பண்ணாது. பேரிங்கை மாற்றுவதுதான் வழி. ராடை மட்டும் உடனே வாங்க வேண்டியதில்லை. அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களைத் தளர்த்தி, ராடை அரைக்கால் சுற்று, அதாவது 45 டிகிரி திருப்பி வைத்தால் பால்கள் காயமில்லாத புதுப் பாதையில் ஓடும்.

புது பேரிங் வாங்கும்போது ஒன்றைத் தெரிஞ்சுக்கோங்க. கவரைப் பிரித்ததும் எண்ணெய்ப் பிசுபிசுப்பு இருக்கும். அது துருப் பிடிக்காமல் இருக்கத் தடவியது, ஓடுவதற்கான கிரீஸ் இல்லை. அதைத் துடைத்து, ஐ.பி.ஏ-வில் அலசி, நல்லா காயவிட்டு, பேரிங்குக்குள் விரலால் கிரீஸை அழுத்தி, பால் வரிசைகளுக்குள் போகும்படி திணித்த பிறகே மாட்டணும். ராடை நேராக, நிதானமாக நுழைங்க. சாய்த்துக் குத்தினால் பால்கள் கழன்று விழும். மாட்டும் கிளாம்ப்பையும் ரொம்ப முறுக்காதீங்க. பேரிங் நசுங்கினால் புது பேரிங்கே நரநர என்று ஓடும்.

பேரிங்கைக் கழற்றி கிரீஸ் மாற்றும் இந்த வேலை மாசாமாசம் தேவையில்லை. கை டெஸ்ட்டில் ஃபெயில் ஆனால் மட்டும் போதும். பெல்ட் திரும்பும் இடத்தில் இருக்கும் வட்ட பேரிங்குகள் இரண்டு பக்கமும் மூடி போட்டு வருபவை. அவற்றுக்கு ஆயில் விடக் கூடாது. சத்தம் வந்தால் மாற்ற வேண்டியதுதான்.

கோட்டை அளந்தால் குற்றவாளி சிக்குவார்

இப்போது அந்த 8 என்ற நம்பருக்கு வருவோம். 10 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பென் ஸ்டாண்ட் பிரின்ட் பண்றீங்க என்று வெச்சுக்குவோம். சுவர் முழுக்கப் படுக்கைக் கோடுகள். ஸ்கேலை எடுத்து, ஒரு கோட்டில் ஆரம்பித்து அதற்கு அடுத்த 5-வது கோடு வரை அளங்க. 40 மில்லிமீட்டர் வந்தால், ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 8 மில்லிமீட்டர் இடைவெளி. அதாவது, ஸ்க்ரூவின் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை ஏதோ இடிக்கிறது. சந்தேகமே வேண்டாம், லீட் ஸ்க்ரூதான்.

முதலில் மேலே சொன்ன மாதிரி சுத்தம் செய்து, கிரீஸ் போட்டு, அதே பென் ஸ்டாண்டின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டரை மட்டும் திரும்ப பிரின்ட் எடுங்க. கோடு மறைந்தால் அழுக்குதான் காரணம். அதே 8 மில்லிமீட்டரில் கோடு நிற்கிறது என்றால் ஸ்க்ரூ வளைந்திருக்கலாம். கழற்றி, கண்ணாடி மேஜையில் உருட்டிப் பாருங்க. தட்டாமல் உருண்டால் ஸ்க்ரூ நேராக இருக்கிறது, கப்ளரில் அது சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கணும்.

கோடுகளுக்கு நடுவில் ஒரே அளவு இடைவெளி இல்லை, கண்டபடி வருகிறது என்றால் ஸ்க்ரூவை விட்டுடுங்க. நாஸில் சூடு ஏறி இறங்குவது, ஃபிலமென்ட் தடிமன் மாறுவது போன்ற வேறு காரணங்களைத் தேடணும். சுவரில் கோடு நின்ற வாக்கில், 2 மில்லிமீட்டருக்கு ஒன்றாக வந்தால் அது பெல்ட். வழக்கமான ஜிடி2 பெல்ட்டில் பற்களின் இடைவெளி சரியாக 2 மில்லிமீட்டர். கிரீஸ் போட்டு அதைத் தீர்க்க முடியாது.

கேலண்டரா, மணிக்கணக்கா?

வாரம், மாசம் என்பது தினமும் 5, 6 மணி நேரம் ஓடும் பிரின்டருக்கான கணக்கு. ஆர்டர் எடுத்து ராத்திரி பகலாக ஓட்டுபவர்களுக்கு ஒரு வாரத்திலேயே ஒரு மாச ஓட்டம் முடிந்துவிடும். அவர்கள் சுமார் 40 மணி நேரத்துக்கு ஒரு துடைப்பு, 150 மணி நேரத்துக்கு ஒரு கிரீஸ் என்று வெச்சுக்கலாம். மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது என்பதைப் பல பிரின்டர்களின் மெனுவே காட்டும். மார்லின் ஃபர்ம்வேரில் அந்த வசதி ஆன் ஆகியிருந்தால் `M78` என்று அனுப்பினாலும் கணக்கு வரும்.

பல மாசம் தொடாமல் கிடந்த பிரின்டர் என்றால் கதை வேறு. ஓடாவிட்டாலும் தூசி சேரும், கிரீஸ் கெட்டியாகும். நேராக பிரின்ட் போடாமல், வார வேலையையும் மாச வேலையையும் ஒரே நாளில் முடித்துவிட்டு ஆன் பண்ணுங்க.

ஒவ்வொரு மாசமும் கிரீஸ் போட்டு முடித்ததும், 2 சென்டிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு சின்னத் தூணை பிரின்ட் எடுத்து, அடியில் தேதியை எழுதி டப்பாவில் போட்டு வைங்க. எப்போதும் ஒரே ஃபைல், முடிந்தால் ஒரே கலர் ஃபிலமென்ட். அடுத்த தடவை சுவரில் கோடு தெரிந்தால், அது புதுசாக வந்ததா, முன்பே இருந்ததா என்று அந்தத் தூண்களை வரிசையாக நிற்கவைத்துப் பார்த்தாலே தெரிஞ்சிடும்.